ஓடாத வியாபாரம்: சின்ன கிரிப்டோ எக்ஸ்சேஞ்ச் காட்டும் வொல்யூமை நம்பலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நானா, எக்ஸ்சேஞ்சில ஒரு நாளைக்கு 19 இலட்சம் டொலர் ஓடுது எண்டு காட்டுது. அதைப் பொய் எண்டு என்னெண்டு சொல்லுறீங்க?

அந்த எண்ணை எழுதுவது யார் என்று முதலில் பாருங்கள். 24 மணி நேர வொல்யூம் என்பது ஒரு நாளில் இவ்வளவுக்கு வாங்கி விற்றார்கள் என்று எக்ஸ்சேஞ்ச் தன் சேர்வரில் இருந்து தானே அனுப்புகிற ஒரு தொகை. கொழும்புப் பங்குச் சந்தையில் ஒரு பங்கு கைமாறினால் தரகர் ஒரு இடம், பங்கைப் பதிவு செய்யும் அமைப்பு இன்னொரு இடம், மேற்பார்க்கும் ஆணைக்குழு வேறோர் இடம். எங்கோ ஒரு தீவில் பதிவு செய்த சின்ன கிரிப்டோ எக்ஸ்சேஞ்சில் சந்தை, தரகர், கணக்குப்பிள்ளை மூன்று பேரும் ஒரே ஆள். அவர் எழுதியதை வேறு யாரும் சரிபார்ப்பதில்லை.

பொய் வொல்யூம் இரண்டு வகையில் உருவாகிறது. ஒன்று, ஒரே ஆள் இரண்டு கணக்குகளை வைத்துக்கொண்டு ஒன்றில் விற்று மற்றதில் வாங்குவது. இதைத்தான் வாஷ் டிரேடிங் என்கிறார்கள். கல்முனைச் சந்தையில் அண்ணன் ஒரு கூடை இறாலைத் தம்பிக்கு விற்கிறான், தம்பி அதையே திரும்ப அண்ணனுக்கு விற்கிறான், விடியற்காலையில் இருந்து நூறு தடவை. பின்னேரம் கணக்குப் புத்தகத்தில் நூறு கூடை இறால் விற்றிருக்கும். சந்தையில் கிடப்பது ஒரே கூடை, அதுவும் நாறிப்போய். இரண்டாவது வகை இன்னும் மோசம். அங்கே ஓடரே கிடையாது. எக்ஸ்சேஞ்சின் மென்பொருள் நடக்காத ட்ரேட்களைத் திரையில் வரிசையாக எழுதிக்கொண்டே போகும். வெளியே இருந்து பார்க்கிற உங்களுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். விற்கப்போனால் இரண்டிலும் வாங்க ஆள் இருக்காது.

தனக்குத்தானே வித்தா கட்டணம் போகுமே. எதுக்கு இந்த வேலை?

கட்டணம் எக்ஸ்சேஞ்சுக்குத்தான் போகிறது. எக்ஸ்சேஞ்சே இதைச் செய்தால், அல்லது செய்கிறவனுக்குக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்தால், செலவு கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. வரவு மட்டும் நிறைய. வொல்யூம் கூடினால் தரவரிசைத் தளங்களில் பெயர் மேலே வரும். மேலே வந்தால் ஆட்கள் வருவார்கள், அவர்களைவிட முக்கியமாகப் புதுக் கொயின் வெளியிடுகிறவர்கள் வருவார்கள். தங்கள் கொயினைப் பட்டியலில் சேர்க்க அவர்கள் கட்டும் பணம்தான் பல சின்ன எக்ஸ்சேஞ்சுகளின் உண்மையான பிழைப்பு.

கொயின் வெளியிட்டவனுக்கும் ஒரு நெருக்கடி உண்டு. வியாபாரம் நடக்காத கொயினைப் பட்டியலில் இருந்து தூக்கிவிடுவார்கள். அதனால் மாதச் சம்பளத்துக்கு ஒரு 'மார்க்கெட் மேக்கர்' நிறுவனத்தைப் பிடித்து, தானாகவே வாங்கி விற்கும் மென்பொருளான பொட்களை ஓடவிட்டு உயிரோட்டம் காட்டுவான். 2019இல் கொட்பிட் என்ற நிறுவனத்தின் இணை நிறுவுநர் ஒருவர், தாங்கள் செய்வது இதைத்தான் என்று ஒரு செய்தித்தளத்துக்குப் பேட்டியே கொடுத்தார். அந்த நாளில் அது அவ்வளவு கூச்சமில்லாத தொழில்.

இன்னொரு வழியும் இருந்தது. 2018இல் எஃப்கொயின் என்ற எக்ஸ்சேஞ்ச், நீங்கள் கட்டுகிற கட்டணத்தைத் தன் சொந்தக் கொயினாகத் திருப்பித் தந்தது. சனம் சும்மா வாங்கி விற்று வாங்கி விற்று அந்தக் கொயினைச் சேர்த்தது. வொல்யூம் உலகத்திலேயே முன்வரிசைக்குப் போனது. 2020 பெப்ரவரியில் அதே எக்ஸ்சேஞ்ச், வாடிக்கையாளருக்குக் கொடுக்க 7,000 முதல் 13,000 பிட்கொயின் வரை குறைகிறது என்று சொல்லிக் கதவைச் சாத்தியது.

இதெல்லாம் சும்மா ஊகமா, இல்ல நிரூபிச்சிருக்காங்களா?

நிரூபித்திருக்கிறார்கள், அதுவும் பல தடவை. 2019 மார்ச்சில் பிட்வைஸ் என்ற அமெரிக்க முதலீட்டு நிறுவனம் அந்நாட்டுப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையத்துக்கு ஓர் ஆய்வைக் கொடுத்தது. நாளுக்கு ஏறத்தாழ 600 கோடி டொலர் என்று அறிக்கையிடப்பட்ட பிட்கொயின் வொல்யூமில் உண்மையானது ஏறத்தாழ 27 கோடிதான், மிச்சம் 95 சதவீதமும் பொய் அல்லது பொருளில்லாத வியாபாரம் என்பது அதன் முடிவு. அதில் என் மனதில் நின்ற ஒரு விசயம்: கொயின்பென் என்ற எக்ஸ்சேஞ்ச், அமெரிக்காவின் பெரிய எக்ஸ்சேஞ்சான கொயின்பேஸைவிடப் பல மடங்கு வொல்யூம் காட்டிய நாளில், கொயின்பேஸில் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையிலான இடைவெளி 1 சதம், கொயின்பென்னில் 34 டொலருக்கும் மேல். அவ்வளவு கூட்டம் முண்டியடிக்கிற சந்தையில் இவ்வளவு பெரிய இடைவெளி எப்படித் திறந்து கிடக்கும்?

பிறகு கொங், லீ, டாங், யாங் என்ற நான்கு ஆய்வாளர்கள் 29 எக்ஸ்சேஞ்சுகளை எடுத்துப் பார்த்தார்கள். ஒழுங்குமுறைக்குள் வராத எக்ஸ்சேஞ்சுகளின் வொல்யூமில் சராசரியாக 70 சதவீதத்துக்கு மேல் வாஷ் டிரேடிங் என்று கணக்கிட்டார்கள்.

2024 ஒக்டோபரில் நடந்ததுதான் எல்லாவற்றிலும் சுவையானது. அமெரிக்காவின் எஃப்பிஐ, ஆட்களைப் பிடிப்பதற்காகவே நெக்ஸ்ஃபண்ட்ஏஐ என்று ஒரு கொயினைத் தானே உருவாக்கிச் சந்தையில் விட்டது. பொய் வொல்யூம் செய்து தருகிறோம் என்று வந்தவர்கள் மாட்டினார்கள். 18 தனிநபர்கள், நிறுவனங்கள் மீது வழக்கு. மேலே சொன்ன கொட்பிட்டும் அதில் ஒன்று; 2025இல் குற்றத்தை ஒப்புக்கொண்டது.

சரி, நான் வச்சிருக்கிற கொயினை வச்சே காட்டுங்க. எங்க பார்க்கோணும்?

கல்முனையில் இருந்து ஒரு தம்பி அனுப்பிய படத்தை வைத்தே போவோம். கொயினின் பெயரும் எக்ஸ்சேஞ்சின் பெயரும் வேண்டாம், எண்களைச் சற்று முழுமையாக்கி எழுதுகிறேன். திரையில் விலை 0.0420 டொலர். 24 மணி நேர வொல்யூம் 19 இலட்சம் டொலர். தம்பியிடம் 90,000 கொயின் இருக்கிறது. திரைவிலையில் பெருக்கினால் 3,780 டொலர். அதைத்தான் அவர் தன் சொத்தாக நினைத்துக்கொண்டிருந்தார்.

வொல்யூமை மறந்துவிட்டு ஓடர் புக்கைத் திறந்தோம். ஓடர் புக் என்றால் வாங்கக் காத்திருப்பவர்கள் ஒரு பக்கம், விற்கக் காத்திருப்பவர்கள் மறுபக்கம். நீங்கள் விற்பதென்றால் பார்க்கவேண்டியது வாங்குகிறவர்களின் பட்டியல். மேலே இருந்து கீழே இப்படி இருந்தது, விலையும் கொயின் அளவும்:

```
0.0414    6,000
0.0411    9,500
0.0405   12,000
0.0392   15,000
0.0370   20,000
0.0335   27,500
```

90,000 கொயினையும் ஒரேயடியாக விற்றால் இந்த ஆறு படியையும் துடைத்துக்கொண்டு இறங்கவேண்டும். ஒவ்வொரு படியையும் பெருக்கிக் கூட்டினால் வருவது 3,374 டொலர். திரை சொன்னதைவிட 406 டொலர் குறைவு, ஏறத்தாழ 11 சதவீதம். கட்டணம் இதற்கு மேல். விற்று முடித்ததும் விலை 0.0335இல் வந்து நிற்கும். 19 இலட்சம் டொலர் ஓடுகிற சந்தையை மூவாயிரத்துச் சொச்சம் டொலர் இப்படிக் கவிழ்க்குமா?

இன்னொரு கோணத்திலும் பார்த்தோம். 19 இலட்சத்தை ஒரு நாளின் 1,440 நிமிடங்களால் வகுத்தால் நிமிடத்துக்கு 1,300 டொலர் அளவு வியாபாரம். விற்பவர்களின் முதல் விலை 0.0426. அதற்கும் 0.0414க்கும் நடு 0.0420. அந்த நடுவிலையில் இருந்து 2 சதவீதம் கீழே என்றால் 0.04116. அதற்கு மேல் காத்திருக்கும் வாங்கும் ஓடர் முதல் படி மட்டுமே, 248 டொலர். விற்கும் பக்கமும் அதேயளவுதான் இருந்தது. ஆக இரண்டு பக்கமும் சேர்த்து 500 டொலர் கிடக்கும் இடத்தில், நிமிடத்துக்கு 1,300 டொலர் ஓடுகிறதாம். அது உண்மையென்றால் அந்தப் படிகள் ஒவ்வொரு நிமிடமும் அழிந்து அழிந்து நிரம்பவேண்டும். நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தவரை 0.0414இல் கிடந்த 6,000 கொயின் அசையவே இல்லை.

ஓடர் அசையல்ல, ஆனா ட்ரேட் ஓடிட்டுத்தானே இருந்திச்சு?

ஓடிக்கொண்டுதான் இருந்தது. அங்கேதான் பிடிபட்டது. பக்கத்தில் இருந்த ட்ரேட் பட்டியலில் 0.0418, 0.0421, 0.0422 என்று விலைகள் விழுந்துகொண்டே இருந்தன. ஓடர் புக்கிலோ வாங்குகிறவனின் உச்ச விலை 0.0414, விற்கிறவனின் அடி விலை 0.0426. இடையில் யாருமே இல்லை. பிறகு யார் யாருக்கு விற்றார்கள்?

ஒரு ட்ரேட் நடக்கவேண்டுமென்றால், ஏற்கெனவே காத்திருக்கும் ஓர் ஓடரை இன்னொருவர் வந்து தொடவேண்டும். சாதாரணமாக ட்ரேட் விலை 0.0414 அல்லது 0.0426 ஆக இருக்கும், அந்தப் படியில் அளவும் குறையும். இடைவெளிக்குள் மட்டும் ட்ரேட் விழுந்துகொண்டே இருந்து, இரண்டு ஓரத்திலும் ஒரு கொயின்கூடக் குறையவில்லை என்றால், ஒரே கை ஓடரைப் போட்டு அடுத்த கணமே தானே எடுக்கிறது, அல்லது ட்ரேட்டே நடக்கவில்லை.

அவசரப்பட்டு முடிவு கட்டவும் கூடாது. சில எக்ஸ்சேஞ்சுகளில் மறைத்துவைக்கும் ஓடர் வசதி உண்டு. திரை ஒரு கணம் பிந்தியும் புதுப்பிக்கப்படும். நல்ல சந்தையிலும் இடைக்கிடை இப்படி ஒரு ட்ரேட் விழும். பத்து நிமிடம் பார்த்து எல்லாமே இப்படித்தான் என்றால் மட்டும் சந்தேகப்படுங்கள்.

சந்தேகம் போதாது. உறுதியாத் தெரிஞ்சுகொள்ள வழி இருக்கா?

இருக்கிறது. எனக்குத் தெரிந்ததில் இதைவிட நல்ல சோதனை இல்லை, செலவும் சில டொலர்தான். ஏற்கெனவே அந்தக் கொயினை அந்த எக்ஸ்சேஞ்சில் வைத்திருப்பவர் மட்டும் செய்யுங்கள். சோதனைக்காகப் புதிதாகக் காசு போடவேண்டாம்.

எக்ஸ்சேஞ்ச் அனுமதிக்கும் ஆகக் குறைந்த அளவுக்கு ஒரு லிமிட் ஓடர், அதாவது நீங்கள் குறித்த விலைக்குக் குறையாமல் விற்கும் ஓடர், போடுங்கள். தம்பியின் விசயத்தில் 0.0419க்கு விற்கிறேன் என்று போட்டோம். இப்போது விற்கிறவர்களில் ஆக மலிவான ஆள் தம்பிதான். எந்தச் சந்தையானாலும் மலிவானவனின் சரக்குத்தான் முதலில் போகவேண்டும். எக்ஸ்சேஞ்சின் சொந்த விதிப் பக்கத்திலும் விலை முன்னுரிமை என்று அதை எழுதியிருப்பார்கள். யாராவது 0.0421 கொடுத்து வாங்க வந்தால், அவருக்குக் கிடைக்கவேண்டியது தம்பியின் கொயின், அதுவும் 0.0419க்கு.

என்ன நடந்தது? ட்ரேட் பட்டியலில் 0.0421, 0.0422 என்று தொடர்ந்து விழுந்தன. தம்பியின் ஓடர் தொடப்படாமல் கிடந்தது. மலிவான சரக்கு கண்முன்னே இருக்க, அதைத் தாண்டிப்போய்க் கூட விலைக்கு வாங்குகிறார்களாம். அந்த ட்ரேட்கள் ஓடர் புக்கின் ஊடாகப் போகவே இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டாம்.

இந்தச் சோதனையின் முடிவு எப்போதும் இவ்வளவு சுத்தமாக வராது. இரண்டு கணக்கு வைத்து ஓடும் பொட் என்றால் உங்கள் ஓடரைத் தவறுதலாக வாங்கிவிடக்கூடும். அப்படி நடந்தால் அடுத்து வரும் நிமிடங்களைக் கவனியுங்கள். பொட் சட்டென்று நிற்கும், அல்லது உங்கள் விலைக்குக் கீழே இறங்கி அங்கே ஓடத் தொடங்கும். அதுவும் ஒரு பதில்தான். உண்மையான சந்தையில் உங்கள் சின்ன ஓடர் போய்விட்டால் யாருக்கும் தெரியாது, எதுவும் மாறாது.

ட்ரேட் பட்டியலை மட்டும் பார்த்துக் கண்டுபிடிக்க ஏலாதா?

ஓரளவுக்கு ஏலும். மனிதர் வாங்கும்போது 100, 500, 1,000 என்று முழு எண்ணாக வாங்குவார்கள். சில்லறை ட்ரேட் நிறைய இருக்கும், பெரிய ட்ரேட் எப்போதாவது வரும். இலங்கை நேரம் இரவு ஒன்பது மணிக்கு ஒரு வேகம், விடியற்காலையில் ஒரு வேகம் என்று ஏற்ற இறக்கம் தெரியும். பிட்கொயின் திடீரென்று விழுந்தால் வியாபாரம் பொங்கும்.

பொட் ஓட்டுகிற இடத்தில் 1,873.42, 2,106.77 என்று அளவுகள் எல்லாம் ஒரு வரம்புக்குள் உடைந்த எண்களாக வரும். பச்சை, சிவப்பு, பச்சை, சிவப்பு என்று மாறிமாறி, சில விநாடிக்கு ஒன்றாக, சாமத்திலும் மத்தியானத்திலும் ஒரே சீராக. உலகமே பதறுகிற நாளிலும் அதே தாளம். மணித்தியால வொல்யூம் பட்டைகள் மதில் கட்டியதுபோல் ஒரே உயரத்தில் நின்றால் எனக்கு மேற்கொண்டு பார்க்கத் தோன்றுவதில்லை.

ஒரு எச்சரிக்கை. பொட் ஓடுவது தனியே குற்றம் இல்லை. இரண்டு பக்கமும் ஓடர் போட்டுக் காத்திருந்து, வந்தவரோடு வியாபாரம் செய்யும் நேர்மையான மார்க்கெட் மேக்கரும் பொட்டால்தான் செய்கிறார். அவர் இருந்தால் உங்கள் ஓடர் நிறைவேறும். வித்தியாசம் அதுதான்.

யூடியூப்பில பென்ஃபோர்ட் விதி எண்டு ஒண்டு சொல்லுறாங்க. அது வேலை செய்யுமா?

ஆய்வாளருக்குச் செய்யும், திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் நமக்குச் செய்யாது. இயல்பாகச் சேர்ந்த பல எண் தொகுதிகளில் முதல் இலக்கம் 1 ஆக இருப்பது ஏறத்தாழ 30 சதவீதம், 9 ஆக இருப்பது 5 சதவீதத்துக்கும் குறைவு. ட்ரேட் அளவுகள் இதிலிருந்து விலகினால் சந்தேகிக்கலாம் என்பது விதியின் பயன். ஆனால் ஆயிரக்கணக்கான ட்ரேட் கையில் வேண்டும், கெட்டிக்கார பொட் இந்த விதிக்கு ஏற்றாற்போலவே எண்களைப் போடவும் செய்யும். முன்னே சொன்ன நால்வரும் இந்த ஒன்றை மட்டும் நம்பவில்லை. முழு எண்களில் ட்ரேட் குவிகிறதா, பெரிய ட்ரேட்கள் எவ்வளவு அரிதாக வருகின்றன என்பதையும் சேர்த்தே பார்த்தார்கள்.

கொயின்கெக்கோ, கொயின்மார்க்கெட்கெப் போட்டிருக்கிறதையும் நம்ப ஏலாதா?

அந்தத் தரவரிசைத் தளங்களும் வொல்யூமை எக்ஸ்சேஞ்சிடம் இருந்துதான் எடுக்கின்றன. பிட்வைஸ் ஆய்வு வந்த பிறகு இரண்டு தளமும் வேறு அளவுகோல்களைச் சேர்த்தன. 2019இலேயே கொயின்கெக்கோ நம்பிக்கைப் புள்ளி என்று ஒன்றையும், கொயின்மார்க்கெட்கெப் லிக்விடிட்டி என்று ஒன்றையும் கொண்டுவந்தன.

கொயினின் பக்கத்தில் `Markets` என்பதைத் திறந்தால் `-2% Depth` என்று ஒரு நிரல் இருக்கும். நாங்கள் மேலே கையால் கணக்கிட்ட 248 டொலர் இதுதான். வொல்யூமை விட்டுவிட்டு அந்த எண்ணை உங்கள் கையிருப்போடு ஒப்பிடுங்கள். அதே கொயின் வேறொரு எக்ஸ்சேஞ்சில் குறைந்த வொல்யூமோடு, பல மடங்கு டெப்த்தோடு நிற்பதைக் காண்பீர்கள். அங்கேதான் ஆட்கள் இருக்கிறார்கள்.

டெப்த்தையும் பொய்யாக் காட்ட ஏலும்தானே?

ஏலும். பெரிய வாங்கும் ஓடரைப் போட்டுவைத்து, விலை அதன் பக்கத்தில் வரும்போது சட்டென்று எடுத்துவிடுவார்கள். அதற்காகத்தான் ஒரு படத்தை வைத்து முடிவெடுக்காமல் பகலில் ஒரு தடவை, இரவில் ஒரு தடவை, சந்தை விழுந்த நாளில் ஒரு தடவை பாருங்கள் என்கிறேன். சந்தை விழும் நாளில் தப்பி நிற்கிற ஓடர்தான் ஓடர்.

ஆனாலும் ஓர் அடிப்படை வித்தியாசம் இருக்கிறது. வொல்யூமைப் பொய்யாகக் காட்டுகிறவனுக்குச் சந்தையில் காசு போகும் ஆபத்து பெரிதாக இல்லை. ஓடரை உண்மையான ஓடர் புக்கில் வைத்தால், நீங்கள் அதை அடித்துவிடலாம் என்ற ஆபத்து வைத்தவனுக்கு இருக்கிறது. அதனால் டெப்த்தில் பொய் சொல்வது கொஞ்சம் செலவான காரியம்.

பத்துப் பதினைஞ்சு கொயினைப் பார்க்கோணும். கையால கூட்டிக்கொண்டிருக்க ஏலுமா?

பைதன் ஓட்டத் தெரிந்தால் ccxt என்ற இலவச நூலகம் போதும். கணக்குத் திறக்கவோ சாவி எடுக்கவோ தேவையில்லை, ஓடர் புக் எல்லாருக்கும் திறந்தது. 0.5 பிட்கொயினை இப்போதே விற்றால் எவ்வளவு வரும் என்பதற்கு:

```python
import ccxt
book = ccxt.kraken().fetch_order_book('BTC/USD')
left, got = 0.5, 0.0
for level in book['bids']:
    price, size = level[0], level[1]
    take = min(left, size)
    got += take * price
    left -= take
    if left <= 0:
        break
print(got, left)
```

எக்ஸ்சேஞ்ச் பெயரையும் கொயின் பெயரையும் அளவையும் மாற்றிக்கொள்ளுங்கள். முதலில் அச்சாகும் எண் உங்களுக்கு வரும் டொலர். இரண்டாவது எண் பூச்சியத்துக்கு மேல் இருந்தால், கிடைத்த படிகளுக்குள் உங்கள் சரக்கை வாங்கி முடிக்கவில்லை என்று பொருள்.

டெக்ஸ் எண்டால் எல்லாம் பிளொக்செயினில தெரியுமே. அங்கயும் ஏமாத்துவாங்களா?

டெக்ஸ் என்பது நடுவில் நிறுவனம் இல்லாமல் பிளொக்செயினிலேயே ஓடும் எக்ஸ்சேஞ்ச். அங்கே நடக்காத ட்ரேட்டை எழுத முடியாது, அது உண்மை. வாஷ் டிரேடிங் மட்டும் தாராளமாக நடக்கும். ஒவ்வொரு ட்ரேட்டுக்கும் கட்டணம் போகிறதே, நட்டம்தானே என்று தோன்றும். அந்தக் கட்டணம் போவது பூலில், அதாவது வியாபாரத்துக்காகக் கொயினும் அதற்கு எதிரே டொலரும் சேர்த்துவைக்கும் பொதுப் பெட்டியில், பணம் போட்டவர்களுக்கு. பூலில் கிடப்பது முழுக்கக் கொயின் வெளியிட்டவனின் பணம் என்றால், கட்டணம் சுற்றி அவன் பைக்கே வந்துசேரும். பிளொக்செயின் கட்டணம் மட்டும்தான் செலவு, மலிவான செயினில் அது சதக் கணக்கு.

பார்க்கவேண்டியது, பூலில் மறுபக்கம் எத்தனை டொலர் கிடக்கிறது, கடைசி ஐம்பது ட்ரேட்டில் எத்தனை வேறு வேறு வொலெட் என்பது. நாலைந்து வொலெட்டே திரும்பத் திரும்ப வந்து, அவை எல்லாவற்றுக்கும் முதல் காசு ஒரே வொலெட்டில் இருந்து போயிருந்தால் விசயம் முடிந்தது.

வொல்யூம் குறைஞ்ச எக்ஸ்சேஞ்ச் எல்லாம் கள்ளமா அப்ப?

இல்லை, பல நேரம் மறுதலையாகத்தான் இருக்கும். நாளுக்கு 8,000 டொலர் என்று காட்டி, இடைவெளி நெருக்கமாக, ஓடர் மெதுவாக நிறைவேறுகிற இடம், 19 இலட்சம் காட்டுகிற இடத்தைவிட நேர்மையானது. பெரிய பெயர் என்பதும் உத்தரவாதம் இல்லை. கொயின்பேஸில் 2016இல் ஊழியர் ஒருவர் செய்த வாஷ் ட்ரேட்களுக்காகவும், அதன் சொந்த மென்பொருள்கள் ஒன்றோடொன்று வியாபாரம் செய்ததை மறைத்து வொல்யூமை அறிவித்ததற்காகவும் 2021இல் அமெரிக்க ஒழுங்குமுறை அமைப்பு 65 இலட்சம் டொலர் தண்டம் கட்ட வைத்தது.

இலங்கையில ஆரிட்ட முறையிடுறது?

இதில் ஆறுதலாகச் சொல்ல ஒன்றுமில்லை. மெய்நிகர் நாணயத் திட்டங்களை நடத்த எந்த நிறுவனத்துக்கும் அனுமதி கொடுக்கவில்லை என்று மத்திய வங்கி தன் பொது அறிவித்தல்களில் சொல்லியிருக்கிறது. 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின் கீழ் 2021இல் வந்த பணிப்புரைப்படி, டெபிட், கிரெடிட் கார்ட்டால் கிரிப்டோவுக்குப் பணம் கட்டவும் முடியாது. வெளிநாட்டுச் சின்ன எக்ஸ்சேஞ்ச் ஒன்று காசை மறித்துவைத்தால், மட்டக்களப்பில் இருந்து அதை அசைக்கிற அதிகாரம் யாரிடமும் இல்லை. ஆனால் ஊரில் ஒருவர் வட்ஸ்அப் குழு வைத்து, ஆள் சேர்த்தால் பங்கு என்று உங்களை இழுத்திருந்தால் கதை வேறு. பிரமிட் திட்டம் வங்கித்தொழில் சட்டத்தின்படி குற்றம். அதைப் பொலிஸிலும் மத்திய வங்கியிலும் முறையிடலாம். குழுவில் வந்த செய்திகளை அழித்துவிடாதீர்கள்.

மாட்டிக்கிட்டன் நானா. இப்ப என்ன செய்யிற?

முதலில் விற்காதீர்கள், வெளியே எடுக்க முடிகிறதா என்று பாருங்கள். சின்ன அளவு கொயினை வேறொரு எக்ஸ்சேஞ்சுக்கோ உங்கள் சொந்த வொலெட்டுக்கோ அனுப்புங்கள். அது போய்ச்சேர்ந்தால், டெப்த் உள்ள இடத்துக்கு மிச்சத்தையும் கொண்டுபோய் அங்கே விற்கலாம். தம்பி அப்படித்தான் செய்தார். இன்னொரு எக்ஸ்சேஞ்சில் திரைவிலை 0.0409தான் இருந்தது, ஆனால் 90,000 கொயினும் 2 சதவீதத்துக்குள் விற்று முடிந்தது.

கொயின் அங்கே மட்டும்தான் பட்டியலில் இருக்கிறதென்றால், கிடைத்த விலைக்கு உடனே விற்கும் மார்க்கெட் ஓடரைத் தொடவே வேண்டாம். அது படிகளைத் துடைத்துக்கொண்டு கீழே இறங்கும். முதல் படியில் எவ்வளவு கிடக்கிறதோ அந்த அளவுக்கு மட்டும் லிமிட் ஓடர் போட்டு விற்று, அந்தப் படி மீண்டும் நிரம்புகிறதா என்று பாருங்கள். நிரம்பினால் யாரோ உண்மையாக வாங்குகிறார்கள், அடுத்த பங்கை விற்கலாம். நிரம்பவில்லை என்றால் இருந்த வாங்குகிறவர் அவர் ஒருவர்தான். விற்ற டொலரையும் அன்றன்றைக்கே வெளியே எடுங்கள்.

வெளியே எடுப்பதே மறிக்கப்பட்டிருந்தால், "பராமரிப்பு வேலை" என்று மாதக் கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தால், அங்கே காட்டும் விலைக்கும் உங்கள் காசுக்கும் தொடர்பு அறுந்துவிட்டது. திறந்துவிட இன்னும் கொஞ்சம் கட்டுங்கள், வரி கட்டுங்கள் என்று உதவிப் பிரிவில் இருந்து செய்தி வரும். கட்டாதீர்கள்.